ஒரு நாள் வாடகை என்றால் எத்தனை மணி நேரம்?

கேள்வி: கோயம்புத்தூரில் வீட்டிலிருந்தே சின்ன அளவில் கேமரா, லென்ஸ் வாடகைக்கு விடுகிறேன். போன மாசம் ஒரு ரிசப்ஷனுக்குப் போன கேமரா, லேசர் லைட் பட்டு சென்சாரில் கோடு விழுந்து வந்தது. டெபாசிட்டில் பிடித்தால், "கேப்ஷன்ல லேசர்னு எங்க போட்டிருக்கீங்க?" என்று சண்டைக்கு வருகிறார். டெபாசிட், டேமேஜ், எடுக்கிற நேரம், திருப்பிக் கொடுக்கிற நேரம் எல்லாம் சேர்த்து இன்ஸ்டாகிராமுக்கு ஒரு கேப்ஷன் எப்படி எழுதுவது?

பதில்:

உங்கள் வாடிக்கையாளர் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரிந்தால்தான் கேப்ஷனை ஒழுங்காக எழுத முடியும்.

நான் திருச்சியில் பதினோரு வருடமாகக் கேமரா வாடகைக்கு விடுகிறேன். ஆரம்பத்தில் என் கேப்ஷனும் எல்லோருடையது மாதிரிதான் இருந்தது: "கேமரா வாடகைக்கு, குறைந்த விலை, டேமேஜ் ஆனால் கஸ்டமர் பொறுப்பு." அந்தக் கடைசி வரி எழுதுகிறவருக்குத் தைரியம் தரும். சண்டை வந்தால் ஒன்றுக்கும் உதவாது. எது டேமேஜ், எவ்வளவு பொறுப்பு, யார் முடிவு செய்வது என்ற மூன்றுமே அதில் இல்லை.

வாடகைக்குப் பொருள் கொடுப்பதற்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது. அதன் 151-ஆவது பிரிவு, பொருளை வாங்கிப் போனவர் சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, அப்படிப் பார்த்துக்கொண்டும் பொருள் கெட்டுப்போனால் அவர் பொறுப்பில்லை, தனியாக வேறு ஒப்பந்தம் இருந்தால் தவிர, என்று முடிகிறது. உங்கள் சண்டை முழுவதும் அந்த "தவிர"வில் இருக்கிறது. லேசர் பட்டால் சென்சார் போகும் என்று தொழிலில் இருப்பவருக்குத் தெரியலாம். மச்சான் கல்யாணத்துக்கு ஆசையாகக் கேமரா எடுத்துப் போன ஐடி கம்பெனித் தம்பிக்குத் தெரியாது. அவர் கீழே போடவில்லை, தண்ணீரில் நனைக்கவில்லை. தன் பங்குக்கு ஜாக்கிரதையாகத்தான் இருந்தார். லேசரால் வரும் சேதம் எடுத்தவர் பொறுப்பு என்று முன்கூட்டியே சொல்லி, அவரும் ஒத்துக்கொண்டிருந்தால் மட்டுமே உங்கள் கை ஓங்கும்.

அதனால் முதல் விஷயம், கேப்ஷன் ஒப்பந்தம் ஆகாது. அது கடை வாசலில் தொங்கும் போர்டு. அவர் அதைப் படித்தார் என்பதற்கு உங்களிடம் அத்தாட்சி கிடையாது. இன்ஸ்டாகிராமில் போட்ட கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால், "நான் பார்த்தப்போ இது இல்லை" என்று அவர் சொன்னால் உங்களால் மறுக்கவும் முடியாது. கேப்ஷனில் எழுதியதையே வாட்ஸ்அப்பில் புக்கிங் சமயத்தில் அனுப்புங்கள். "படித்தேன், சம்மதம்" என்று அவர் கையால் பதில் வந்த பிறகு மட்டும் முன்பணம் வாங்குங்கள். தேதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும்.

இடமும் அளவாகத்தான் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரம்பு. அதில் தமிழுக்கு ஒரு சிக்கல் உண்டு. "கி" நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக்கணக்கு. ஆக இருநூறு, இருநூற்றைம்பது சொல்லுக்குள் முடித்துவிட வேண்டும். அதிலும் ஸ்க்ரோல் செய்கிறவர் கண்ணில் படுவது முதல் ஒன்றிரண்டு வரிதான், மிச்சமெல்லாம் "மேலும்" என்பதற்குள் ஒளிந்திருக்கும். அந்த முதல் வரியில் வாடகை, எத்தனை மணி நேரம், டெபாசிட் மூன்றும் வந்துவிட வேண்டும். "விலைக்கு டிஎம் பண்ணுங்க" என்று போட்டால் ஒரே பதிலை நாளைக்கு நாற்பது தடவை டைப் செய்வீர்கள். டெபாசிட்டைக் கடைசியில் சொன்னால், பஸ் ஏறி வந்த பிறகு "அவ்வளவு காசு இல்லையே அண்ணா" என்பார்கள்.

இனி நேரம். என் அனுபவத்தில் டேமேஜை விட நேரத்துக்காக நடக்கிற சண்டைதான் அதிகம். எல்லாம் "ஒரு நாள்" என்ற சொல்லால் வருவது.

ஒரு நாள் என்றால் சிலருக்குக் காலண்டர் தாள். காலையில் எடுத்தாலும் சாயங்காலம் எடுத்தாலும் அன்று இரவோடு சரி. சிலருக்குப் பன்னிரண்டு மணி நேரம். சிலருக்கு எடுத்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம். நம் ஊர்க் கல்யாணத்தை வைத்துப் பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடிகாலை முகூர்த்தம். நாலரை – ஆறு முகூர்த்தமாக இருந்தால் கேமராக்காரர் மூன்றரைக்கே மண்டபத்தில் நிற்பார். காலண்டர் கணக்குப்படி இது இரண்டு நாள். எடுத்துப் போகிறவர் மனதில் ஒரே நிகழ்ச்சி, ஒரு நாள். காலண்டர் கணக்கு வைத்த கடையில் அவர் இரண்டு நாள் வாடகை கட்டும்போது ஏமாந்த உணர்வோடுதான் கட்டுவார், அடுத்த தடவை வர மாட்டார். ஆகவே 24 மணி நேரக் கணக்குதான் இங்கே பொருந்தும். அதையும் "ஒரு நாள்" என்று எழுதாமல் "24 மணி நேரம்" என்றே எழுதுங்கள்.

24 மணி நேரம் என்று சொன்னவுடன் இன்னொரு ஓட்டை திறக்கும். இரவு ஒன்பதரைக்கு வந்து எடுத்தால், மறுநாள் இரவு ஒன்பதரைக்குத் திருப்ப வேண்டும். அப்போது நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள், அல்லது ஊரில் இருக்க மாட்டீர்கள். அவர் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போனால் தாமதம் உங்களுடையது, அவருடையது இல்லை. பொருளைச் சரியான நேரத்தில் கொடுக்க முன்வந்தவரைத் தாமதத்துக்குப் பொறுப்பாக்க முடியாது என்றுதான் சட்டமும் பார்க்கிறது. இதற்கு எளிய வழி, எடுக்கும் நேரத்தை மதியம் 12 முதல் 3 வரை என்று குறுக்கிவிடுவது. ரிசப்ஷனுக்குப் போகிறவருக்கு அது போதும். மறுநாள் முகூர்த்தம், சாப்பாடு, போட்டோ செஷன் எல்லாம் முடித்து அதே நேரத்துக்கு நிதானமாக வந்துவிடலாம். வெயில் இருக்கும்போதே பொருளைச் சோதித்துவிடலாம் என்பது உங்களுக்கு லாபம். டியூப்லைட் வெளிச்சத்தில் லென்ஸ் கீறல் தெரியாது.

தாமதத்துக்கு என்ன போடுவது? முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்று நான் வைத்திருக்கிறேன். காந்திபுரத்திலோ சத்திரம் பஸ் ஸ்டாண்டிலோ டிராஃபிக்கில் மாட்டியவரிடம் காசு கேட்டு நான் பணக்காரன் ஆகப்போவதில்லை. அதற்குப் பிறகு தொடங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வாடகையில் பத்தில் ஒரு பங்கு, ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு முழு வாடகை. "ஒரு நிமிஷம் தாமதமானாலும் டபுள் வாடகை" என்று போடுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன ஒப்பந்தச் சட்டத்திலேயே 74-ஆவது பிரிவு இருக்கிறது. எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்டஈடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே என்பது அதன் சாரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அளவுக்கு மீறிய டெபாசிட்டையும் நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத அபராதத்தையும் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற வகையில் சேர்க்கிறது. பயமுறுத்த எழுதும் தொகை வசூலாகாது.

அதே சமயம் திருப்பும் நேரத்தை மணியோடு எழுதுவதால் உங்களுக்குக் கிடைக்கும் ஒரு பாதுகாப்பைப் பலரும் கவனிப்பதில்லை. 161-ஆவது பிரிவின்படி, தன் தவறால் உரிய நேரத்தில் திருப்பாதவர், அந்த நேரத்துக்குப் பிறகு பொருளுக்கு வரும் எந்தச் சேதத்துக்கும் பொறுப்பு. ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன் என்ற வாதம் அங்கே எடுபடாது. ஞாயிறு இரண்டு மணிக்குத் திருப்ப வேண்டிய கேமரா, திங்கள்கிழமை பைக்கிலிருந்து விழுந்தால் கதை வேறு. "சாயங்காலமா கொடுங்க" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த நேரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.

முகூர்த்த நாட்களுக்குத் தனி வரி ஒன்று வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கேமரா அலமாரியில் தூங்கும், அப்போது ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டாலும் நான் கேட்பதில்லை. ஆவணியிலும் தையிலும் ஒருவர் திருப்புவதற்காக இன்னொருவர் வாசலில் காத்திருப்பார். அந்த நாட்களில் நேரத்தை நீட்டிப்பது நீங்கள் ஒத்துக்கொண்டால் மட்டுமே, அதுவும் முன்கூட்டிக் கேட்டால் மட்டுமே என்று எழுதிவிடுங்கள்.

டெபாசிட்டுக்கு வருகிறேன். கேமராவின் முழு விலையையும் டெபாசிட்டாகக் கேட்க முடியாது. அவ்வளவு பணம் இருந்தால் அவர் வாங்கியே இருப்பார். டெபாசிட் எதற்காக என்று யோசித்தால் தொகை தானாக வந்துவிடும். அது திருட்டுக்குக் காப்பீடு கிடையாது. உடைந்த ஃபில்டர், தொலைந்த பேட்டரி, தாமதம் போன்ற சில்லறை விஷயங்களை அங்கேயே கழித்து முடிப்பதற்குத்தான் அது. ஒரு பாடி, ஒரு லென்ஸ், மூன்று பேட்டரி என்றால் பத்தாயிரம் ரூபாய் அதற்குப் போதும். பொருளோடு ஆளே காணாமல் போவதற்கு எதிரான பாதுகாப்பு டெபாசிட்டில் இல்லை, ஆளைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது. புது ஆளாக இருந்தால் அடையாள அட்டை நகல், இப்போது குடியிருக்கும் முகவரிக்கு ஒரு அத்தாட்சி, கல்யாணப் பத்திரிகை அல்லது நிகழ்ச்சி நடக்கும் இடம், நேரில் அவரே வந்து வாங்குவது, அவ்வளவும் கேட்பேன். வாடகைக்கு எடுத்த கேமராவை அடகு வைத்துவிடுவது இந்தத் தொழிலில் புதிதில்லை. அப்படி நடந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம், போலீஸில் புகார் கொடுக்க வேண்டியது. டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

அசல் ஆதாரை, பாஸ்போர்ட்டை வாங்கி டிராயரில் போட்டு வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் சட்டப்படி மத்திய அரசின் சொத்து, அதைப் பிணையாக வைக்க உங்களுக்கும் உரிமையில்லை, அவருக்கும் உரிமையில்லை. ஆதாருக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட நகல் போதும், ஆதார் தளத்தில் அவரே இறக்கிக்கொள்ளலாம். டெபாசிட்டை யுபிஐயில் வாங்கினால் அதே எண்ணுக்குத் திருப்புங்கள். "பணம் போயிடுச்சுண்ணா, ஸ்க்ரீன்ஷாட் பாருங்க" என்று காட்டுவதை நம்பாதீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பையைக் கையில் கொடுங்கள்.

டேமேஜ் விதியை எழுதும்போது நான் ஒரு பாத்திரக் கடைக்காரரை நினைத்துக்கொள்வேன். எங்கள் தெருவில் கல்யாணத்துக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு அண்டாவிலும் கரண்டியிலும் பெயரெழுத்து வெட்டியிருக்கும். எண்ணிக் கொடுப்பார், எண்ணி வாங்குவார். அடிப்பிடித்துக் கறுத்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுப்பில் வைத்தால் கறுக்கத்தான் செய்யும். ஓட்டை விழுந்தால் அதை அடைக்கிற செலவு. காணாமல் போனால் எடைக்கு எடை பழைய விலை. கேமராவுக்கும் வேண்டியது இந்த மூன்று படிதான்.

முதல் படி தேய்மானம். அடியில் லேசான உராய்வு, ஸ்ட்ராப் அழுக்கு, ரப்பர் தளர்வது இதெல்லாம் நீங்கள் வாங்குகிற வாடகைக்குள் அடக்கம். இரண்டாவது, பழுது. இதற்கு சர்வீஸ் சென்டர் பில் என்னவோ அது, பில்லைக் காட்டி வாங்க வேண்டும், நீங்களே மனக்கணக்கு போடக்கூடாது. மூன்றாவது, சரிசெய்யவே முடியாதது அல்லது தொலைந்தது. அதற்கு அன்றைய பழைய கேமரா சந்தை விலை. நாலு வருடம் ஓடிய பாடிக்குப் புதுக் கேமரா விலை கேட்டால் யாரும் தர மாட்டார்கள், கேட்பதும் நியாயமில்லை. பழுதில் கேமரா கிடக்கும் நாட்களுக்கு வாடகை நஷ்டம் கேட்பதாக இருந்தால், பாதி வாடகை, அதிகபட்சம் ஏழு நாள் என்று உச்சவரம்பு போட்டு எழுதுங்கள். உதிரிபாகம் வர இரண்டு மாதம் ஆனால் அதற்கு அவர் என்ன செய்வார்?

சட்டம் இரு பக்கமும் வெட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். கூலிக்குக் கொடுத்த பொருளில் ஏற்கெனவே இருந்த குறையால் அவருக்கு நஷ்டம் வந்தால், அந்தக் குறை உங்களுக்குத் தெரியாமலே இருந்தாலும் நீங்கள்தான் பொறுப்பு என்று 150-ஆவது பிரிவு சொல்கிறது. உப்பிப் போன பேட்டரியையும் எப்போதோ ஒரு தடவை எரர் காட்டிய மெமரி கார்டையும் கொடுத்து அனுப்பாதீர்கள். மெமரி கார்டை நான் வாடகைக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். தாலி கட்டுகிற படம் காணாமல் போனால் எந்த டெபாசிட்டாலும் சமாதானம் செய்ய முடியாது.

இப்போது லேசர். இதைத் தனியாக எழுத வேண்டியதற்குக் காரணம், அது மற்ற டேமேஜ் மாதிரி இல்லை. லேசர் கதிர் பரவாமல் நேர்க்கோடாக வரும். லென்ஸ் அதை வெயிலில் பூதக்கண்ணாடி குவிக்கிற மாதிரி சென்சாரில் ஒரு புள்ளியில் குவித்துவிடும். கண நேரம் பட்டாலே அந்த இடத்துப் பிக்ஸல்கள் செத்துவிடலாம், அதோடு இணைந்த வரிசையும் சேர்ந்து போனால் படத்தின் குறுக்கே பச்சை, ஊதா கோடு விழும். பழைய டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகப் பார்த்துப் படம் எடுக்கும்போது கண்ணாடி மறைத்திருந்ததால், கிளிக் செய்கிற நொடி மட்டும்தான் சென்சாருக்கு ஆபத்து. மிரர்லெஸ் கேமராவில் ஆன் செய்திருக்கும் நேரமெல்லாம் சென்சார் திறந்தே இருக்கிறது. ரிக்கார்ட் செய்யவில்லை, சும்மா கழுத்தில் தொங்கியது என்றாலும் தப்பாது. லேசர் கதிரை லென்ஸில் நேராகப் பட விடாதீர்கள் என்று சோனி தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. ரிசப்ஷனில் டிஜே மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி அடிக்கிற லேசர் நேராக வருவது நம் கேமராவுக்குத்தான்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது. லேசர் இருக்கிறதா என்று மண்டபத்தில் முதலிலேயே கேளுங்கள், இருந்தால் அது சுற்றும்போது கேமராவை ஆஃப் செய்து மூடி போடுங்கள், அல்லது மேடைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இதைக் கேப்ஷனில் ஒரு வரியாகவும் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள்.

லேசர் காயம்தானா என்று எப்படி உறுதிசெய்வது? கொடுக்கும்போதும் வாங்கும்போதும் மூன்று படம் எடுத்தால் போதும், அவர் எதிரிலேயே. ஒன்று, லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓவை ஏற்றி ஒரு கறுப்புப் படம். கோடோ, ஒளிரும் புள்ளிக் கூட்டமோ இருந்தால் இதில் தெரியும். இரண்டு, வெள்ளைச் சுவரை எஃப் 16-இல், ஃபோகஸை விலக்கி ஒரு படம். சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும் பொட்டு வெறும் தூசி. எஃப் 4-க்கு வந்தால் அது கரைந்துபோகும். லேசர் காயம் எந்த எண் வைத்தாலும் எந்த லென்ஸ் மாட்டினாலும் அதே இடத்தில் அப்படியே இருக்கும். நீண்ட எக்ஸ்போஷரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பாகவோ நீலமாகவோ தெரியும் ஒற்றைப் புள்ளிகள் வயதான சென்சாரில் வருபவை, அதற்கு அவரைக் குற்றம் சொல்லக்கூடாது. மூன்று, செங்கல் சுவரை நேராக நின்று எஃப் 2.8-இல் ஒரு படம். ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் லென்ஸ் எங்கோ அடிபட்டிருக்கிறது, வெளியில் கீறலே இல்லாவிட்டாலும்.

இதோடு ஜூம் வளையத்தைக் காதருகே வைத்துச் சுற்றிப் பாருங்கள். நறநறவென்றால் மணல், மகாபலிபுரமோ ராமேஸ்வரமோ போய் வந்திருக்கிறது. லென்ஸைக் கழற்றி மவுண்டைச் சுற்றி ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளை உப்புப் படிந்திருந்தால் கடல்நீர். மஞ்சள் நீராட்டுக்குப் போன கேமரா என்றால் பொத்தான் இடுக்கில் மஞ்சள் நிற்கும். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம். டெபாசிட் அந்த இருபதாவது நிமிடத்தில் திரும்ப வேண்டும். "செக் பண்ணிட்டு ரெண்டு நாள்ல அனுப்புறேன்" என்பதுதான் உங்கள் பெயரைக் கெடுக்கும் வாக்கியம். அந்த இரண்டு நாளில் உங்கள் கையிலேயே உடைந்ததா என்ற சந்தேகத்துக்கும் இடம் கொடுத்துவிடுவீர்கள். ஈரம் உள்ளே போனது மட்டும் பிறகு வெளிப்படலாம். அந்த ஒரு ஆபத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்கு எப்படி வரும் என்று ஒரு தடவை போட்டுக் காட்டுகிறேன். வாடகை 2,000, டெபாசிட் 10,000. சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு எடுத்துப் பொள்ளாச்சி போகிறார். ஞாயிறு 2 மணிக்குத் திருப்ப வேண்டியவர் 5.40-க்கு வருகிறார். 3 மணி வரை இலவசம், அதற்குப் பிறகு தொடங்கியது மூன்று மணி நேரம், மணிக்கு 200, ஆக 600. யூவி ஃபில்டர் விரிசல். பட்டியலில் அதன் விலை 1,200. மூன்று பேட்டரியில் ஒன்று இல்லை, பட்டியல் விலை 5,000. பாடியின் அடியில் புது உராய்வு, அதற்கு ஒன்றுமில்லை. மொத்தம் 6,800 கழித்து 3,200 அங்கேயே அனுப்புகிறீர்கள். மறுநாள் மாப்பிள்ளை வீட்டு சார்ஜரில் பேட்டரி கிடைத்துவிட்டதென்று கொண்டுவந்தால் 5,000-ஐத் திருப்புகிறீர்கள். எத்தனை நாளுக்குள் கொண்டுவரலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். நான் மூன்று நாள் தருகிறேன். உதிரிப் பொருள்களின் விலை கேப்ஷனில் வேண்டாம், பையோடு போகும் சீட்டில் இருக்கட்டும். அதே சீட்டில் பாடி, லென்ஸ் இரண்டின் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பாத்திரக் கடைக்காரர் வெட்டிய பெயரெழுத்துக்குச் சமம் அதுதான்.

இதையெல்லாம் சுருக்கினால் கேப்ஷன் இப்படி வரும். எண்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"சோனி ஏ7 மார்க் 3 + 24-70 எஃப் 2.8: 24 மணி நேரம் ₹2,000, டெபாசிட் ₹10,000 (திரும்பக் கிடைக்கும்).

பையில் இருப்பவை: பாடி, லென்ஸ், யூவி ஃபில்டர், 3 பேட்டரி, சார்ஜர். மெமரி கார்டு உங்களுடையது.

எடுக்க: மதியம் 12 – 3. திருப்ப: மறுநாள் அதே நேரம். ரிசப்ஷனும் முகூர்த்தமும் ஒரே வாடகையில் முடியும்.

தாமதம்: முதல் 1 மணி நேரம் இலவசம். பிறகு மணிக்கு ₹200. 6 மணி நேரம் தாண்டினால் இன்னொரு வாடகை. முகூர்த்த நாட்களில் நேரம் நீட்டிக்க முந்தின நாளே கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

டெபாசிட்: யுபிஐ மட்டும். திருப்பும்போது உங்கள் எதிரிலேயே சோதித்து, 20 நிமிடத்தில் அதே எண்ணுக்கு அனுப்பப்படும். அசல் அடையாள அட்டை வாங்குவதில்லை, நகல் போதும். எடுப்பவர் நேரில் வர வேண்டும்.

டேமேஜ்: சாதாரண உராய்வுக்குக் கட்டணம் இல்லை. பழுதுக்கு சர்வீஸ் சென்டர் பில் தொகையும், பழுது நாட்களுக்குப் பாதி வாடகையும் (அதிகபட்சம் 7 நாள்). தொலைந்தால் அன்றைய பழைய சந்தை விலை. பில் டெபாசிட்டைத் தாண்டினால் மீதியும் எடுத்தவர் பொறுப்பு.

கவனம்: டிஜே லேசர் லைட் சென்சாரைக் கெடுக்கும். லேசர் சுற்றும்போது கேமராவை ஆஃப் செய்து மூடி போடுங்கள். லேசர், தண்ணீர், கடல் மணல், கலர் பொடியால் வரும் பழுது எடுத்தவர் பொறுப்பு.

புக் செய்ய வாட்ஸ்அப்பில் தேதியை அனுப்புங்கள். இந்த நிபந்தனைகள் அங்கே வரும், 'சம்மதம்' என்று பதில் வந்த பிறகே புக்கிங் உறுதி."

"டெபாசிட்டைத் தாண்டினால் மீதியும்" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் டெபாசிட்தான் தன் பொறுப்பின் எல்லை என்று அவர் நினைத்துக்கொள்வார், அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை. விளக்கு, ஸ்பீக்கர், புகை மெஷின் மாதிரி பார்ட்டிப் பொருள்களையும் விடுவதாக இருந்தால் இதே கேப்ஷனில் திணிக்காமல் தனிப் பதிவு போடுங்கள். அங்கே நேரக் கணக்கு வேறு, ஏற்றி இறக்கும் கூலி வேறு.

பழைய லேசர் விவகாரத்துக்கு என் யோசனை இது. டெபாசிட்டை முழுவதும் பிடித்துவைத்துக்கொண்டு பேசாதீர்கள். கேமராவை சர்வீஸ் சென்டரில் கொடுத்து எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், சென்சார் மாற்றுவதற்கு எவ்வளவு, காரணம் என்ன என்று அதில் இருக்கட்டும். போகும்போது சென்சார் நன்றாக இருந்தது என்பதற்கு அவருக்கு முந்தின ஆள் எடுத்த ஒரு படமாவது கிடைக்கிறதா பாருங்கள், ஏனென்றால் அவர் அடுத்து கேட்கப்போவது அதைத்தான். அவர் எடுத்த ஃபைல்களை வாங்கிப் பார்த்தால், எந்தப் படத்திலிருந்து கோடு தொடங்குகிறது என்று நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டு, "நான் முன்னாடி சொல்லாதது என் தப்பு, உங்க கையில ஆனது உங்க பக்கம், ஆளுக்குப் பாதி" என்று பேசிப் பாருங்கள். மதிப்பீடு 40,000 வந்தால் அவர் பங்கு 20,000, டெபாசிட் போக மீதியை இரண்டு தவணையாகக் கொடுக்கச் சொல்லலாம். எனக்கு ஒரு தடவை இதே மாதிரி ஆனபோது அந்தப் பையன் மூன்று தவணையில் கொடுத்து முடித்தான், இன்றும் என்னிடம்தான் கேமரா எடுக்கிறான்.